முடியும் இடமே தெரியாத ஷார்ட்ஸ்: கடைசி வரியை முதல் வரியோடு தைப்பது எப்படி?

[திரையில்: பிய்ந்த தோசையைக் கரண்டி சுரண்டுகிறது]

ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசிப் பதிவு செய்யுங்கள். அதை நடுவில் வெட்டுங்கள். பின்பாதியை வீடியோவின் தொடக்கத்தில் வையுங்கள், முன்பாதியைக் கடைசியில் வையுங்கள். லூப் வேலையில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

பின்னணி சுருக்கமாக. ஷார்ட்ஸ் முடிந்ததும் தானாகத் திரும்ப ஓடும். 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஒவ்வொரு மறு ஓட்டத்தையும் ஒரு வியூவாக எண்ணுகிறது. அதனால் வியூ எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழாதீர்கள். ஒருவர் சராசரியாக எத்தனை விநாடி இருந்தார் என்பதுதான் நமக்கு வேண்டும்.

சரி, ஒரு 16 விநாடி வீடியோ எடுப்போம். புது இரும்புக் கல்லில் தோசை ஏன் ஒட்டுகிறது என்பது விஷயம். நான் எழுதும் வாக்கியம் இது:

"கல்லைக் காய வைக்காம, எண்ணெயில தொட்ட வெங்காயத்தைத் தேய்க்காம மாவை ஊத்தினா, தோசை இப்படித்தான் பிய்ஞ்சு வரும்."

'ஊத்தினா' என்ற இடத்தில் வெட்டுங்கள். "தோசை இப்படித்தான் பிய்ஞ்சு வரும்" என்பது முதல் வரி. பிய்ந்த தோசையின் படத்தோடு வந்தால் அது தனியாகவே நிற்கும், 'ஏன்?' என்ற கேள்வியையும் கிளப்பும். நடுவில் கல்லைப் பழக்கும் முறை. கடைசியில் "...மாவை ஊத்தினா" என்று குரல் மேலே ஏறி நிற்கிறது. கேட்பவர் காது வினைமுற்றுக்காகக் காத்திருக்கும்போதே முதல் வரி வந்து வாக்கியத்தை முடித்துவிடுகிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்தைச் சொல்கிறேன். நம் புலவர்கள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும். அதோடு நிற்காமல், கடைசிப் பாட்டின் முடிவை முதல் பாட்டின் தொடக்கத்தோடு சேர்த்து வட்டமாக்குவார்கள். அதற்கு மண்டலித்தல் என்று பெயர். நூறு பாட்டுப் பாடி முடித்தவர் மறுபடி முதல் பாட்டின் வாசலில் நிற்பார்! தமிழுக்கு இது இயல்பாகவே வருகிறது. வினை கடைசியில் வருவதால் '-ஆல்', '-ஆமல்' என்று எங்கே நிறுத்தினாலும் வாக்கியம் தொங்கிக்கொண்டே இருக்கும். 'அதனாலதான்...' என்று நிறுத்துவதும் இதே வகைதான். ஆனால் எல்லோரும் அதையே செய்வதால் பார்ப்பவர் அதைக் கேட்டவுடன் கண்டுபிடித்துவிடுகிறார். 'ஊத்தினா' போல விஷயத்திலிருந்தே வரும் சொல்தான் நல்லது.

ஒரே மூச்சில் பேசச் சொன்னதற்குக் காரணம் குரல். இரண்டு வரியையும் தனித்தனியாகப் பதிந்தால் சுருதியும் மைக்கின் தூரமும் மாறி, தையல் கேட்டுவிடும். வெட்டும் இடம் இரண்டு சொல்லுக்கு நடுவே இருக்கட்டும். கல் சுடும் 'சுர்' ஓசையையும் இதேபோல நடுவில் வெட்டி இடம் மாற்றுங்கள். பாட்டு இருந்தால் தாளம் முழுதாக முடிய வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் நாலு தட்டு 2 விநாடி. 16 விநாடிக்குள் எட்டு சுற்று சரியாக அடங்கும்.

படத்தில் ஒரே விதி: மாவு ஊற்றும் கடைசி ஷாட்டுக்கும் தோசை பிய்யும் முதல் ஷாட்டுக்கும் ட்ரைபாட் நகரக் கூடாது, வெளிச்சமும் மாறக் கூடாது. ஃபேட் அவுட், நன்றி அட்டை, கடைசியில் தெரியாமல் தங்கிய கறுப்பு ஃப்ரேம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

[திரையில்: கணக்கு]

இதனால் எவ்வளவு கிடைக்கும்? 100 பேர் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 40 பேர் 4 விநாடியில் தள்ளிவிடுகிறார்கள், 60 பேர் முழுதாகப் பார்க்கிறார்கள். ஆளுக்குச் சராசரி 11.2 விநாடி. அந்த 60 பேரில் பாதிப்பேர் லூப்பில் இன்னும் 8 விநாடி இருந்தால் சராசரி 13.6. ஆனால் அந்த 40 பேரை லூப் தொடவே இல்லை, கவனித்தீர்களா? அவர்களைப் பிடிப்பது முதல் வரியின் வேலை. அதனால் தையல் அழகாக வருவதற்காக முதல் வரியைப் புரியாத அரைகுறை வரியாக ஆக்காதீர்கள்.

போட்ட பிறகு யூடியூப் ஸ்டுடியோவில், ஒவ்வொரு விநாடியையும் எத்தனை சதவீதம் பேர் பார்த்தார்கள் என்று காட்டும் ரிட்டென்ஷன் கோட்டைப் பாருங்கள். கடைசி ஒன்றிரண்டு விநாடியில் சரிந்தால், வீடியோ முடியப்போவது பார்ப்பவருக்குத் தெரிந்துவிட்டது. குரல் இறங்கியிருக்கும், அல்லது 'அவ்ளோதான்' மாதிரி ஒரு சொல் இருக்கும். தொடக்கத்தில் 100 சதவீதத்துக்கு மேல் நின்று 2, 3 விநாடியிலேயே தடாலென விழுந்தால், தையல் வேலை செய்தது, ஆனால் இரண்டாம் தடவை பார்க்க அங்கே எதுவும் இல்லை. அப்போது நடுப்பகுதியைத்தான் மாற்ற வேண்டும். வெங்காயம் தேய்க்கும்போது கல்லின் நிறம் மாறுவதை நெருக்கமாக, கொஞ்சம் வேகமாகக் காட்டுங்கள்; முதல் தடவை தவறவிட்டவர் அதற்காகவே இருப்பார். ஒரு நிமிட வீடியோவுக்கு இதெல்லாம் அவ்வளவாக உதவாது, அவ்வளவு நீளத்தை யாரும் உடனே திரும்பப் பார்ப்பதில்லை.

நீங்கள் அடுத்து எடுக்கப்போகும் ஷார்ட்ஸின் கடைசி வரியைக் கமெண்டில் எழுதுங்கள். எந்தச் சொல்லில் வெட்டலாம் என்று பதில் போடுகிறேன்.