குழந்தை வீடு திரும்பிய பிறகு அப்பாவுக்கு என்ன ஆகிறது?

(கொழிஞ்சாம்பாறையில் பெற்றோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பிரசவத்துக்குப் பிறகு தாய்க்கு வரும் மனச்சோர்வைப் பற்றி இப்போது ஓரளவு பேசுகிறோம். அப்பாவுக்கும் அது வரும். 2010இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சுமார் பத்தில் ஒரு தகப்பனுக்கு அந்தச் சோர்வு இருந்தது. குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்போது அது அதிகமாகத் தெரிந்தது.

நம் ஊர்ப் பழக்கத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போகிறாள். பல வீடுகளில் குழந்தையோடு திரும்பும்போது மூன்று, நான்கு மாதம் ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில்தான் அவன் நிஜமாக அப்பாவாகத் தொடங்குகிறான்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி கஞ்சிக்கோட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மனைவிக்குப் பொள்ளாச்சியில் தாய்வீடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்க் குழந்தையைப் பார்த்து வந்தவர். நான்காம் மாதம் குழந்தை வந்தது, இவர் தூக்கினாலே அழுதது. கொஞ்ச நாளில் ஓவர்டைம் கேட்டு வாங்கினார், வேலை முடிந்தும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார், பால் பாட்டில் மூடிக்குக்கூடக் கத்தினார். குழந்தை தூங்கும்போதும் இவருக்குத் தூக்கம் வரவில்லை. ஆண்களுக்குச் சோர்வு பெரும்பாலும் இப்படித்தான், அழுகையாக வராமல் எரிச்சலாகவும் விலகலாகவும் வரும். சிலருக்குக் குடியாகவும் வரும். மனைவியோ, பெண் குழந்தை என்பதால் பிடிக்கவில்லை போல என்று நினைத்துவிட்டார்.

முதல் தடவை பேசியது சண்டையில் முடிந்தது. “தூக்கமே இல்லை” என்றார் தம்பி. “எனக்கு மட்டும் இருக்குதுங்களா?” என்றார் மனைவி. அது உண்மைதான். ஆனால் பேச்சு அங்கேயே நின்றுபோனது.

அப்புறம், குழந்தை பால் குடித்துத் தூங்கிய ஒரு மாலை நேரத்தில், மனைவி கண்ணால் கண்டதை மட்டும் சொன்னார்: “நடுராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு உக்காந்திருக்கீங்க. வீட்டுக்கு லேட்டா வர்றீங்க. என்னாச்சுங்க?” “ஒண்ணுமில்ல” என்றுதான் பதில் வந்தது. மனைவி வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் கழித்து தம்பியே சொன்னார்: “பாப்பா என்னைக் கண்டாலே அழுகுது. நான் இந்த வீட்டுக்கு வேண்டாதவனாட்டம் இருக்குது.” மனைவி உடனே சமாதானம் சொல்லாமல், “வேண்டாதவனாட்டமா இருக்குதுங்களா?” என்று திருப்பிக் கேட்டார். அதன்பின் அரைமணி நேரம் தம்பி பேசினார். பிறகு மனைவியிடம், “சரி, நீ எப்படி இருக்கற?” என்று கேட்டார். ஒருவர் சோர்ந்திருக்கும் வீட்டில் மற்றவரும் சோர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதனால் இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

இரண்டு விஷயம் முடிவு செய்தார்கள். இருவருக்கும் தினம் நான்கு மணி நேரமாவது முறிவில்லாத தூக்கம். ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் குழந்தை அப்பாவிடம். அப்போது அம்மாவோ பாட்டியோ பக்கத்தில் நின்று “அப்படிப் பிடிக்காதே” என்று திருத்தக் கூடாது.

எல்லாம் பேச்சில் தீராது. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால் டாக்டரிடம் போக வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். செத்துவிடலாம் என்ற நினைப்போ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயமோ வந்தால் அன்றைக்கே போங்கள், ஆளைத் தனியாக விடாதீர்கள். கை நீட்டுகிறவரிடம் மனைவி பொறுமையாகப் பேசிப் பார்க்க வேண்டியதில்லை. முதலில் குழந்தையோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும்.

அந்தத் தம்பிக்கு மூன்று வாரத்தில் குழந்தை பழகிவிட்டது. தூக்கம் மட்டும் திரும்பவில்லை. டாக்டரிடம் இருவரும் சேர்ந்தே போனார்கள், குழந்தை அவர் தோளில் இருந்தது.