குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

வணக்கம் உறவுகளே. திருகோணமலையிலிருந்து பேசுகிறேன். நான் மருத்துவ வாட்டில் பல வருடங்களாகப் பணியாற்றும் தாதி என்பது இந்த அலைவரிசையைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். மாலை போடுவதற்காகவோ, கதிர்காமப் பாதயாத்திரைக்கு நேர்ந்துகொண்டோ, நாளாந்தம் குடித்துவந்த ஒருவர் ஒரே நாளில் குடியை நிறுத்தும்போது உடலில் மணிக்கணக்கில் என்ன நடக்கிறது என்பதை இன்று சொல்லப்போகிறேன். நிறுத்த வேண்டும் என்ற அவருடைய முடிவு சரியானது. அதை எங்கே, யாருடைய கண்காணிப்பில் செய்கிறார் என்பதில்தான் உயிர் தங்கியிருக்கிறது.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். பலரிடம் நான் கண்டவற்றைச் சேர்த்து உருவாக்கிய ஒருவர் இவர். திருக்கடலூர்ப் பக்கம் கடற்றொழில் செய்பவர், ஐம்பது வயதை நெருங்குகிறார், பத்துப் பன்னிரண்டு வருடங்களாக நாளுக்கு ஒரு அரைப்போத்தல் சாராயமாவது குடிப்பவர். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கடைசியாகக் குடித்துவிட்டு, இனி இல்லை என்று மனைவியிடம் சொல்லிப் படுக்கிறார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, அதாவது பத்து மணித்தியாலங்களில், கை நடுங்கத் தொடங்குகிறது. மனைவி கொடுத்த பிளேன்ரீயை இரு கைகளாலும் பிடித்தும் அது தட்டில் சிந்துகிறது. வியர்வை, குமட்டல், நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத பயம் ஆகியவை பகல் முழுவதும் கூடுகின்றன. அன்றிரவு தூக்கமில்லை, சுவரில் பூச்சிகள் ஊர்வதாகச் சொல்கிறார். ஆனால் தான் இருப்பது தன் வீட்டில் என்பதும், பேசுவது தன் மனைவியுடன் என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரியும். இந்தத் தெளிவை நினைவில் வைத்திருங்கள், பிறகு இதற்கே திரும்பி வருவேன்.

திங்கள் விடியற்காலை உடல் விறைத்து, கைகால்கள் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ள வலிப்பு வருகிறது. கடைசிக் குடிக்குப் பின் ஆறு மணித்தியாலம் முதல் நாற்பத்தெட்டு மணித்தியாலம் வரையான இடைவெளியில்தான் பெரும்பாலும் இந்த வலிப்பு வரும். இதற்கு முன் ஒருபோதும் வலிப்பு வராதவருக்கும் வரலாம். வீட்டார் இரும்புத் திறப்பைக் கையில் கொடுக்கிறார்கள். அதனால் பயன் எதுவும் இல்லை. செய்ய வேண்டியவை சில மட்டுமே: தலை அடிபடாமல் காத்து, பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, வாய்க்குள் எதையும் வைக்காமல், உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

வலிப்பு ஏன் வருகிறது? மூளையின் வேகத்தை அடக்கும் இரசாயனம் காபா; தூண்டிவிடுவது குளூட்டமேட். மதுசாரம் காபாவின் வேலைக்குக் கைகொடுத்து, குளூட்டமேட்டின் வேலையைத் தடுக்கிறது. நாள்தோறும் இப்படி அடக்கப்படும் மூளை, தன் சமநிலையைக் காப்பதற்காக, இந்த இரசாயனங்கள் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளில், அடக்கும் ஏற்பிகளின் உணர்திறனைக் குறைத்து, தூண்டும் ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. ஒரே பக்கத்திலிருந்து வீசும் காற்றுக்கு எதிராகச் சுக்கானைத் திருப்பிப் பிடித்தபடி ஓடும் வள்ளம், காற்று சட்டென்று விழுந்துவிட்டால் மறுபக்கம் திரும்பி ஓடுமல்லவா, அதுபோலத்தான் இதுவும். மதுசாரம் ஒரு இரவில் போய்விடும். ஏற்பிகள் பழைய நிலைக்குத் திரும்ப நாட்கள் பிடிக்கும். இடைப்பட்ட அந்த நாட்களில் தடுக்க ஆளில்லாத தூண்டுதல் வலிப்பாக வெளிப்படுகிறது. ஒவ்வொரு முறையும் திடீரென நிறுத்தி மீண்டும் குடிப்பவருக்கு அடுத்த முறை இந்த நிலை இன்னும் கடுமையாக வரக்கூடும் என்பதால், போனமுறை ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து இம்முறையைக் கணிக்க முடியாது.

வலிப்பு நின்றதும் அவர் சற்று நேரம் அயர்ந்து தூங்கி எழுகிறார். நடுக்கம் ஓரளவு குறைந்ததுபோலத் தெரிகிறது. இனிப் பயமில்லை என்று வீட்டார் நினைத்துவிடுவது இந்த இடத்தில்தான். எனக்கு மிகுந்த கவலை தருவதும் இதே இடந்தான். சிகிச்சையின்றி விடப்பட்டால், வலிப்பு வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அடுத்த கட்டமான புத்திமாறாட்டம் வருகிறது. அது பெரும்பாலும் நாற்பத்தெட்டு மணித்தியாலங்களுக்குப் பின்னரே தொடங்கும்.

செவ்வாய் இரவு அவர் மனைவியைத் தன் தாய் என்று எண்ணிப் பேசுகிறார். கட்டிலில் உட்கார்ந்து, இல்லாத வலையை மடியில் விரித்து, இல்லாத ஊசியால் கண்ணிகளைப் பொத்துகிறார். தன் தொழிலின் அசைவுகளைக் கைகள் இப்படித் திரும்பச் செய்வதை நான் வாட்டில் கண்டிருக்கிறேன். பூச்சியைக் கண்ட இரவில் இருந்த தெளிவு இப்போது இல்லை. நாள், இடம், ஆள் எதுவும் தெரியவில்லை. கூடவே காய்ச்சல், ஊற்றும் வியர்வை, வேகமான நாடித்துடிப்பு, உயர்ந்த குருதியமுக்கம். இதைப் பேய் பிடித்தது என்று எண்ணிக் கட்டிவைத்து விடியும்வரை காத்திருந்தால், நீரிழப்பாலும் இதயத்தின் தாளம் தவறுவதாலும் அவர் இறந்துபோகலாம். நல்ல சிகிச்சை இல்லாத பழைய காலத்தில் இந்த நிலையை அடைந்தவர்களில் பலர் இறந்தார்கள். இன்று நேரத்துக்குச் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

வாட்டில் நாங்கள் என்ன செய்கிறோம்? நடுக்கம், வியர்வை, பதற்றம், குழப்பம் ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டு, நாடித்துடிப்புடன் சேர்த்துச் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை பதிகிறோம். அந்தப் புள்ளியைப் பார்த்து டயசிபாம் அல்லது குளோர்டயசிபொக்சைட் போன்ற மருந்தை வைத்தியர் தீர்மானிக்கிறார். மதுசாரம் விட்டுச்சென்ற இடத்தில் காபாவுக்குக் கைகொடுப்பதே அந்த மருந்தின் வேலை; சில நாட்களில் அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். ஈரல் பழுதுபட்டிருந்தால் லொராசிபாம் போன்ற வேறொன்றைத் தெரிவு செய்வார்கள். இதே மாத்திரையைப் பார்மசியில் வாங்கி வீட்டில் கொடுத்து, அதன்மேல் அவர் ஒளித்துவைத்த சாராயத்தையும் குடித்தால் மூச்சு அடங்கிவிடலாம்.

இன்னொன்று தயமின், அதாவது விற்றமின் பி1. நீண்டகாலம் குடித்தவரின் குடல் இதைச் சரிவர உறிஞ்சுவதில்லை என்பதால் ஊசியாக ஏற்றுகிறோம். இது குறைந்தால் கண் அசைவு தடைப்பட்டு, நடை தள்ளாடி, மனம் குழம்பும். கவனிக்காவிட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடலாம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னரோ அதனுடன் சேர்த்தோ தயமினைக் கொடுப்பது இதனால்தான். அத்துடன், தலையில் அடிபட்டதாலோ, சீனி குறைந்ததாலோ, கிருமித் தொற்றாலோ கூட வலிப்பும் குழப்பமும் வரலாம். வீட்டில் இவற்றைப் பிரித்தறிய வழியில்லை.

எல்லோரும் வாட்டில் தங்க வேண்டியதில்லை. முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்தவர்கள், காலையில் குடித்தால்தான் கைநடுக்கம் நிற்கும் என்ற நிலையில் உள்ளவர்கள், வயதானவர்கள், கர்ப்பிணிகள், ஈரல் அல்லது இதய நோயாளர்கள், தனியாக வசிப்பவர்கள் தங்குவதே பாதுகாப்பு. இவர்கள் வைத்தியரைக் காணும்வரை தாமாகவே சட்டென்று நிறுத்தக் கூடாது.

விரும்பாமலே நிறுத்தப்படுபவர்களும் உண்டு. போயா தினத்தில் சாராயக்கடை மூடியிருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் கையில் காசிருக்காது. கால் முறிந்து சத்திரசிகிச்சை வாட்டில் படுத்திருப்பவருக்குக் குடிக்க வழியிருக்காது. அப்படி எதற்காக அனுமதித்தாலும், கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார், நாளுக்கு எவ்வளவு, சாராயமா கசிப்பா, முன்பு வலிப்பு வந்ததா, வேறு என்ன மாத்திரை எடுக்கிறார் என்பதை வெட்கப்பட்டு மறைக்காமல், பதிவு எழுதும்போதே தாதியிடம் சொல்லிவிடுங்கள்.