ரீகால் 40 சதவீதம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: "சார், போன வீடியோவில் ஒரு தேடலில் வந்த பத்து முடிவுகளில் ஆறு சரி என்றால் பிரிசிஷன் 60 சதவீதம் என்றீர்கள், புரிந்தது. ரீகால் 40 சதவீதம் என்றது மீதி நாலு தப்பாக இருப்பதால்தானே? அப்புறம் எஃப் ஸ்கோருக்கு இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 50 வருகிறது, நீங்கள் 48 என்கிறீர்கள்."

இந்தக் குழப்பத்துக்கு நான்தான் காரணம். உதாரணத்துக்கு எண்களைத் தேர்ந்தெடுத்தபோது கவனிக்கவில்லை. தப்பான நாலுக்கும் அந்த 40 சதவீதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தற்செயலாக ஒன்றாக வந்துவிட்டது. அதே உதாரணத்தையே இன்னொரு முறை பார்ப்போம், இந்தத் தடவை மெதுவாக.

நம்மிடம் 200 கட்டுரைகள் இருக்கின்றன. தேடுபெட்டியில் 'எரிமலை' என்று அடிக்கிறோம். பத்துக் கட்டுரைகள் வருகின்றன. திறந்து படித்தால் ஆறு நிஜமாகவே எரிமலையைப் பற்றியவை. மற்ற நாலில் யாரோ ஒருவர் கூட்டத்தில் 'எரிமலை போல வெடித்தார்' என்று இருக்கிறது. சொல் இருக்கிறது, விஷயம் இல்லை. வந்த பத்தில் ஆறு உருப்படி, அதனால் பிரிசிஷன் 0.6. இதைக் கணக்கிட அந்தப் பத்தையும் படித்தாலே போதும்.

ரீகால் கேட்பது வேறு கேள்வி. வரவேண்டியவை மொத்தம் எத்தனை, அதில் எத்தனை வந்தன? இதற்கு அந்தப் பத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் பதில் கிடைக்காது. வராமல் போன 190 கட்டுரைகளுக்குள் போய்த் தேட வேண்டும். நான் 200-ஐயும் படித்து, எரிமலையைப் பற்றியவை மொத்தம் 15 என்று எண்ணி வைத்திருந்தேன். ஆறு வந்துவிட்டது, ஒன்பது உள்ளேயே கிடக்கிறது. பதினைந்தில் ஆறு, 0.4.

நீங்கள் சொன்ன வழி தப்பு என்பதைச் சோதிக்க ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள். மொத்தம் 15 இல்லை, 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் வந்த பத்தும் அப்படியே இருக்கிறது, தப்பான நாலும் அதே நாலுதான். ஆனால் ரீகால் 6/20, அதாவது 0.3 ஆக இறங்கிவிடுகிறது. தப்பான முடிவுகள் பிரிசிஷனை மட்டும்தான் இறக்கும். ரீகாலை இறக்குபவை நம் கண்ணுக்கே வராத முடிவுகள்.

அந்த ஒன்பதும் ஏன் வரவில்லை என்று கேட்டால், தமிழில் தேடும்போது இது அடிக்கடி நடப்பதுதான். கட்டுரையில் 'எரிமலையின்', 'எரிமலைகள்', 'எரிமலையிலிருந்து' என்று வேற்றுமை உருபோ பன்மை விகுதியோ சேர்த்து எழுதியிருப்பார்கள். அடித்த சொல்லை அச்சாக அப்படியே ஒப்பிடும் தேடுபொறிக்கு இவை எல்லாம் வேறு வேறு சொற்கள். சில கட்டுரைகளில் 'லாவா', 'மாக்மா' என்றுதான் இருக்கும், எரிமலை என்ற சொல்லே இருக்காது.

சரி, விகுதிகளை வெட்டிவிட்டு வேர்ச்சொல்லை வைத்துத் தேடச் சொல்வோம். இப்போது 24 முடிவுகள் வருகின்றன, அதில் 12 சரி. ரீகால் 12/15, 0.8 ஆக ஏறிவிட்டது. ஆனால் 'எரிமலையாய்க் கொதித்தார்' என்பவர்களும் கூடவே உள்ளே வந்துவிட்டார்கள், பிரிசிஷன் 0.5 ஆகக் குறைந்துவிட்டது. ஒன்றை ஏற்றப் போனால் இன்னொன்று இறங்குவது வழக்கம். அப்போது எந்தத் தேடல் மேல் என்று ஒரே எண்ணில் சொல்லத்தான் எஃப் ஸ்கோர். முதலில் நம் பத்துக்குப் போட்டுப் பார்ப்போம்:

```
P = 6/10 = 0.6
R = 6/15 = 0.4
F = 2*P*R/(P+R) = 0.48/1.0 = 0.48
```

இது இசைச் சராசரி, ஹார்மானிக் மீன். சாதாரண சராசரி 0.5, இது 0.48. இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கா இந்தப் பாடு என்று தோன்றும். இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் அப்படித் தெரிகிறது. ஒரு சோம்பேறித் தேடுபொறியைக் கொண்டுவருவோம். எதை அடித்தாலும் 200 கட்டுரைகளையும் அப்படியே கொட்டிவிடும். பதினைந்தும் அதில் இருக்கும், ஆகவே ரீகால் முழு 1. பிரிசிஷன் 15/200, அதாவது 0.075. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 0.54 வரும். ஒழுங்காக வேலை பார்த்த நம் தேடலுக்கு 0.5, எதையுமே தேடாததற்கு 0.54! இசைச் சராசரியில் அந்தச் சோம்பேறிக்குக் கிடைப்பது 0.14 மட்டுமே. இரண்டில் சின்ன எண் எதுவோ அதன் பக்கமாகவே இது சாயும். ஒன்று பூஜ்யத்தை நெருங்கினால், மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மொத்தத்தையும் கீழே இழுத்துவிடும்.

மனதில் வைத்துக்கொள்ள எனக்குப் பிடித்த வடிவம் வேறு. சரியாக வந்ததை இரட்டிப்பாக்கி, வந்தவை எண்ணிக்கையையும் வரவேண்டியவை எண்ணிக்கையையும் கூட்டி, அதனால் வகுங்கள். 12/(10+15), அதே 0.48. விகுதி வெட்டிய தேடலுக்கு 24/(24+15), 0.62. பிரிசிஷன் விழுந்தும் மொத்தத்தில் அது முன்னேற்றம்தான்.

இதே வடிவத்தில் இன்னொன்றும் பளிச்சென்று தெரியும். பத்து முடிவுதான் காட்டுவேன் என்று நிறுத்திக்கொண்டால், பத்தும் சரியாகவே இருந்தாலும் 20/25, 0.8-க்கு மேல் போகாது. வரவேண்டியவை 15 இருக்கும்போது பத்துக்குள் அத்தனையும் அடங்காது, அவ்வளவுதான். ஆகவே உங்கள் தேடலுக்கு 0.48 வந்தால், 1-ஓடு ஒப்பிட்டுப் பயப்படாமல் இந்த 0.8-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிஜத்தில் பெரிய தலைவலி அந்த 15-தான். 200 கட்டுரை என்பதால் நான் உட்கார்ந்து படித்துவிட்டேன், லட்சக்கணக்கில் இருந்தால் யார் படிப்பது? 1992-இல் தொடங்கிய, தேடுபொறிகளைச் சோதிக்கும் டிரெக் மதிப்பீடுகளில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பல தேடுபொறிகள் ஒரே கேள்விக்குத் தரும் முதல் நூறு முடிவுகள் அளவில் எடுத்து ஒரே குவியலாகச் சேர்த்து, அதை மட்டும் ஆட்களை வைத்துப் படித்துப் பார்ப்பார்கள். குவியலுக்குள் வராததைப் பொருந்தாதது என்றே வைத்துக்கொள்வார்கள். இதில் ஓட்டை உண்டு. எந்தப் பொறியும் பிடிக்காத நல்ல கட்டுரை ஒன்று வெளியே தங்கிவிட்டால், கீழே வகுக்கும் எண் சிறிதாகி, ரீகால் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று, கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறும் முதல் ஆறு இடத்தில் இருந்தாலும் சரி, கடைசி ஆறு இடத்தில் இருந்தாலும் சரி, எஃப் ஸ்கோர் அதே 0.48-தான். வரிசை இதன் கண்ணுக்குத் தெரியாது. வரிசை முக்கியம் என்றால் முதல் மூன்றுக்கு மட்டும் தனியாகப் பிரிசிஷன் போட்டுப் பாருங்கள். ஆறும் மேலே இருந்தால் 1 வரும், அடியில் இருந்தால் 0.