பின்வாசல் சாவி

நேயர்களுக்கு வணக்கம்.

நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரை தெரியும். எங்கள் வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. அவசரத்துக்கு இந்த நீளம் எவ்வளவு தொல்லை என்பது போன சித்திரை ஒன்றாம் தேதி வீட்டில் நடத்திய ஆபத்துக்கால ஒத்திகையில்தான் எனக்கு உறைத்தது.

அந்த நாளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வருஷப் பிறப்புக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வந்திருப்பார்கள். ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாளும்கூட. 1944-இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக. இன்னோர் ஒத்திகை, மழைக்கு முன் ஐப்பசி முதல் ஞாயிறு.

அடுப்படியில் கேஸ் கசிவதாக வைத்துக்கொண்டோம். "அப்பத்தா, கேஸ் வாடை வருது, எந்திரிச்சு வாங்க" என்றேன். அப்பத்தா எழுந்ததும் கை போனது லைட் சுவிட்சுக்கு. "இருட்டுல எப்படிடா வர்றது?" நியாயமான கேள்விதான். ஆனால் சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே பொறி வரும், அது போதும். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். வளவு மேலே திறந்திருக்கிறதே என்று நம்பவும் முடியாது. ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, வெளியே வந்தபிறகுதான் போனை எடுக்க வேண்டும். கேஸ் கசிவுக்கு எண் 1906.

பின்கதவைத் திறக்கப் போனால் பூட்டு தொங்குகிறது. சாவி? முகப்பு அறை ஆணியில்! போய் எடுத்துவர நான்கு நிமிடம். இப்போது சாவி கதவுக்குப் பக்கத்திலேயே, அப்பத்தா கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகிறது. இரவில் உள்தாழ்ப்பாள் மட்டும்தான்.

அப்புறம் சாமான்களைப் பார்த்தோம். சிலிண்டரின் மேல்வளையத்தை ஒட்டிய பட்டையில் 'பி-27' மாதிரி எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், 27 என்பது 2027-ஆம் வருடம். அந்தக் காலாண்டோடு அதன் சோதனைத் தவணை முடிகிறது. கடந்துபோனதைக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். ரப்பர் குழாயில் அச்சிட்ட வருடத்தையும் பாருங்கள், ஐந்து வருடத்துக்கு மேல் வேண்டாம். எங்களுடையது ஏழு வருடம், ரெகுலேட்டர் பக்கம் மடித்தால் வெடிப்பு தெரிந்தது.

கடைசியாகச் சுவரில் ஒட்டிய போன் பட்டியல். ஒன்பது எண்களையும் உட்கார்ந்து கூப்பிட்டோம். மூன்று செத்த எண்கள். அதில் ஒன்று, எதற்கும் முதலில் ஓடி வருவார் என்று நாங்கள் நம்பிய பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் சென்னைக்குப் போய் ஒரு வருடம் ஆகிறதாம்! புதுப் பட்டியலில் 112, 108 எண்களுக்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். ஆம்புலன்ஸ் எந்தத் தெருவில் வந்து நிற்க வேண்டும் என்று, பதற்றத்தில் அப்பத்தா அப்படியே வாசித்துச் சொல்ல.