மொய் நோட்டில் கிடைத்த வகுக்கும் எண்

(செவிலியர் கல்லூரி ஒன்றின் சமூக நல வார விழாவில், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, பல பணிகளுக்கு இடையே வந்து அமர்ந்திருக்கும் மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களே, இந்த அரங்கைக் கட்டணம் இல்லாமல் தந்திருக்கும் திருமண மண்டப உரிமையாளர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, என்னோடு வெயிலில் நடந்து, இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த செவிலியர்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம். மண்டப உரிமையாளர் அவர்களுக்குத் தனியாகவும் ஒரு வணக்கம். இறுதியில் அவரிடம் நான் கேட்கவிருப்பது ஒன்று உண்டு.

உங்கள் ஆசிரியை கொடுத்திருக்கும் ஒப்படைப்பில் மூன்று பகுதிகள் இருக்கின்றன: இன்சிடென்ஸ், பிரிவலன்ஸ் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, கொள்ளைநோய் விசாரணை, அறிக்கை எழுதும் முறை. முதல் இரண்டையும் பேசத்தான் வந்திருக்கிறேன். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று என் அம்மா சொல்வார். இந்தப் பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமான வாசகம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு கிராமத்தில் பெரியவர்கள் 1000 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி முதல் நாளில் 80 பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. 80-ஐ 1000-ஆல் வகுத்தால் 8 விழுக்காடு. இது பிரிவலன்ஸ், அதாவது அன்றைய தேதியில் இருக்கும் நோயாளிகளின் பங்கு. அந்த ஆண்டில் புதிதாக 23 பேருக்கு நோய் வருகிறது. இன்சிடென்ஸ், அதாவது புதிதாக நோய் வருவோரின் வீதம், எவ்வளவு? பெரும்பாலான தாள்களில் 23-ஐ 1000-ஆல் வகுத்திருப்பார்கள். அது தவறு. ஏற்கெனவே நோய் உள்ள 80 பேருக்கு அது மறுபடி புதிதாக வர முடியாது. நோய் வரக்கூடியவர்கள் 920 பேர்தான். 23-ஐ 920-ஆல் வகுத்தால் ஓராண்டில் ஆயிரத்துக்கு 25. மேலே இருக்கும் எண்ணை எல்லோரும் சரியாக எழுதிவிடுகிறார்கள். கீழே இருக்கும் எண்ணில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். நல்ல மருந்து கிடைத்து நோயாளிகள் நெடுநாள் வாழ்ந்தால் பிரிவலன்ஸ் உயரும். அது நோய் பெருகியதன் அடையாளம் ஆகாது. வயிற்றுப்போக்கு சில நாட்களில் தீர்ந்துவிடுவதால், எந்த ஒரு நாளில் எண்ணினாலும் சிலரே அகப்படுவார்கள். ஆகவே கொள்ளைநோயில் நாம் தேடுவது புதிய நோயாளிகளின் வீதம். உணவாலோ நீராலோ குறுகிய காலத்தில் பரவும்போது அதையே தாக்கு வீதம் என்கிறோம்.

நான் பணியில் இருந்த ஓர் ஊரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்தில் கல்யாணம். மதியம் விருந்து. அன்று நள்ளிரவில் ஒரு பெரியவருக்கு வயிற்றுப்போக்கு. விடிந்ததும் வீட்டுக்கு வீடு அழைப்பு. திங்கட்கிழமை மாலைக்குள் துணை சுகாதார நிலையத் திண்ணையில் உட்கார இடமில்லை. உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கிக் கலக்கி என் கை ஓய்ந்துபோனது. அதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது: "பாயசம்தான் கெட்டுப்போயிருக்கிறது." சமையல் மாஸ்டர் வீட்டு வாசலில் இருபது பேர் கூடிவிட்டார்கள். அவர் மனைவி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அம்மா, அவர் நாற்பது வருஷமாக அடுப்படியில் நிற்கிறார். இனி யார் அவரைக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டார். கூட்டத்தில் ஒருவர் சொன்ன வாதம் வலுவாகவே இருந்தது: "நோய் வந்த நாலு பேரில் மூன்று பேர் பாயசம் சாப்பிட்டிருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?"

நான் கல்யாண வீட்டாரிடம் மொய் நோட்டைக் கேட்டேன். துக்கமும் கோபமுமாக இருந்தவர்கள், "இப்போது எதற்கம்மா மொய் கணக்கு?" என்றார்கள். எனக்குப் பணம் வேண்டாம், பெயர்கள் வேண்டும் என்றேன். நோய் வந்தவர்கள் எங்களைத் தேடி வந்துவிடுவார்கள். சாப்பிட்டும் நலமாக இருப்பவர்களை நாம்தான் தேடிப் போக வேண்டும். மொய் நோட்டில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். அதை வைத்து வீடு வீடாகப் போய், உள்ளூரிலிருந்து விருந்து உண்டவர்கள் 120 பேர் என்று எண்ணி முடித்தேன்.

பிறகு யாரை நோயாளியாகக் கொள்வது என்று வரையறுத்தேன்: அந்த மதிய விருந்து உண்டு, அடுத்த மூன்று நாட்களுக்குள், 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனவர். இந்த எல்லைக்கோடு இல்லாவிட்டால் லேசாக வயிறு வலித்தவரும் பட்டியலில் ஏறிவிடுவார். நலமானவர், நோயாளி எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டேன். நோயாளியிடம் மட்டும் பாயசத்தைத் துருவிக் கேட்டால், அவர் நினைவும் ஊர்ப்பேச்சின் பக்கம் சாய்ந்துவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நோயாளிகள் 48. தாக்கு வீதம் 40 விழுக்காடு. பாயசம் உண்ட 90 பேரில் 36 பேருக்கு நோய்: 40 விழுக்காடு. பாயசத்தைத் தொடாத 30 பேரில் 12 பேர்: அதுவும் 40 விழுக்காடு. உண்டாலும் உண்ணாவிட்டாலும் ஒன்றே. நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் பாயசம் உண்டதற்குக் காரணம், விருந்தினரிலேயே முக்கால்வாசிப் பேர் அதை உண்டதுதான். மோரைப் பாருங்கள். குடித்த 70 பேரில் 42 பேருக்கு நோய், 60 விழுக்காடு. குடிக்காத 50 பேரில் 6 பேர், 12 விழுக்காடு. ஐந்து மடங்கு! ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்களே, நான் அன்று அளந்ததால் ஒரு மனிதரின் பிழைப்பு தப்பியது.

மோர் குடிக்காத அந்த ஆறு பேரை விட்டுவிடவில்லை. பந்தியில் கொதிக்கவைத்த சீரகத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். இவர்கள் ஆறு பேரும் கைகழுவும் குழாயில் பிடித்துக் குடித்தவர்கள். பாயசமும் சாம்பாரும் கொதித்தவை. மோரில் கலந்தது தொட்டியிலிருந்து வந்த பச்சைத் தண்ணீர். நேரமும் இதையே சொன்னது. பால் பண்டத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியின் நஞ்சு ஊறியிருந்தால் ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியில் தொடங்கியிருக்கும். இங்கே பெரும்பாலோருக்கு மறுநாள்தான், வயிற்றுப்போக்காகத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை புதிய நோயாளிகள் அநேகமாக இல்லை. மணிவாரியாகக் கட்டம் போட்டு வரைந்தால் ஒரே குன்றாக ஏறி இறங்கும். ஒரே வேளையில், ஒரே மூலத்திலிருந்து எல்லோருக்கும் போயிருக்கிறது என்பது அதன் பொருள்.

மண்டபத்தின் தரைத்தொட்டியைத் திறந்தோம். மூடி உடைந்திருந்தது, கழிவறைத் தொட்டி சில அடி தூரத்தில். தண்ணீரில் ஆர்த்தோடொலிடின் சொட்டு விட்டால் குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வர வேண்டும். வரவே இல்லை. மிச்ச மோர் ஒரு துளியும் இல்லாததால் கிருமியை அதில் நேரடியாகக் காட்ட முடியவில்லை. ஆனாலும் முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை; தொட்டியை அன்றே பூட்டினோம். விசாரணை ஒரு பக்கம் நடக்கும்போதே தடுப்பு வேலையும் நடந்தாக வேண்டும்.

மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களே, மண்டப உரிமையாளர் அவர்களே, நான் கேட்க வந்தது இதுதான். இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு திருமண மண்டபத்திலும் ஒரு குளோரின் பதிவேடு வேண்டும். விருந்துக்கு முன் தொட்டியில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையவில்லை என்று அளந்து, கையெழுத்திட்ட பிறகே அடுப்பு மூட்ட வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டோம் என்ற வாய்வார்த்தை போதாது. புதிதாக இருக்கையில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் உள்ள பவுடர், வாய் திறந்த மூட்டையில் ஈரம்பட்டுக் கிடந்தால் வீரியம் இழந்துவிடும். போட்டதை அளந்தால் மட்டும் பயனில்லை. அரை மணி நேரம் கழித்துத் தண்ணீரில் எஞ்சியதை அளக்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. தொட்டியில் போட்டால் இரண்டு முறை அள!

அளக்கும் கருவி இதோ மேசையில் இருக்கிறது. இந்த மண்டபத்துக் குழாயில் சற்று முன் பிடித்த தண்ணீரும் இருக்கிறது. இப்போது சொட்டு விடப்போகிறேன். பத்து விநாடிக்குள் நிறத்தைப் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் வேறு பொருள்களோடு சேர்ந்து வீரியம் குறைந்த குளோரினும் நிறம் காட்டி, இல்லாத பாதுகாப்பை இருப்பதாகச் சொல்லிவிடும். மண்டப உரிமையாளர் அவர்கள் மேடைக்கு வந்து, தாம் காணும் அளவைத் தம் வாயாலேயே சொல்ல வேண்டுகிறேன். புதிய பதிவேடு ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். இன்றைய தேதியைப் போட்டு முதல் வரியை நான் எழுதுகிறேன்.