ஒரு சாண் தூரம்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் பாடிப் பதிவு செய்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மைக் வாங்கலாம் என்பதைத்தான். இருக்கிற மைக் போதும், வாய்க்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ஒரு சாண், அதாவது 15 முதல் 20 சென்டிமீட்டர். அதைவிட நெருங்கினால், பெரும்பாலோரிடம் இருக்கும், முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகை மைக்கில் குரலின் அடிப்பகுதி கனத்து, கும்மென்று கேட்கும். விலகினாலோ வேறு தொல்லை. தூரம் இரு மடங்கானால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அப்புறம் பதிவில் குரலைவிட அறைதான் பாடும்.

சரி, இப்போது உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து, 'பம்பரம்' என்று அழுத்திச் சொல்லுங்கள். காற்று அடிக்கிறதா? மைக்கில் அதுதான் 'டப்' என்று விழும். மைக்குக்கு முன்னால் நிறுத்தும் பாப் ஃபில்டரின் வலை அந்தக் காற்றை உடைத்துவிடும். கையைக் கன்னத்துப் பக்கம் நகர்த்திச் சொன்னால் காற்றே படாது, கவனித்தீர்களா? அதனால் மைக்கையும் வாய்க்கு நேராக வைக்காமல், சற்றே பக்கவாட்டில் வைப்பது நல்லது. ஆனால் 'ஸ்' என்ற சீறலை இந்த வலை பெரிதாகக் குறைக்காது.

எனக்குப் பாப் ஃபில்டர் பிடித்ததற்கு வேறொரு காரணம் உண்டு. என் தங்கை மகள் ஒரு பாட்டைச் சில தடவை முழுதாகப் பாடி வைத்திருந்தாள். பல்லவி இரண்டாம் டேக்கில் அருமை, சரணம் கடைசி டேக்கில் அருமை. இரண்டையும் ஒட்டினால், சரணம் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது. சுருதியிலும் தாளத்திலும் குறை இல்லை. சரண வரிகள் அவளுக்கு மனப்பாடம் இல்லை. மடியில் இருந்த போனைப் பார்க்கக் குனிந்து, மைக்கை விட்டு விலகியிருக்கிறாள். சத்தத்தை ஏற்றிப் பார்த்தோம், அறையின் எதிரொலியும் கூடவே ஏறியது. கடைசியில் போனை மைக்குக்குப் பின்னால் கண் மட்டத்தில் நிறுத்தி, பாப் ஃபில்டரை மைக்கிலிருந்து நான்கு விரல்கடை தள்ளி வைத்து, வாய்க்கும் அதற்கும் இன்னொரு நான்கைந்து விரல்கடை என்று வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் மறுபடி பாடவைத்தேன். வலை அங்கே வேலியாக நின்றது. உச்சஸ்தாயியில் கொஞ்சம் பின்வாங்கலாம், தப்பில்லை. ஆனால் எல்லா டேக்கிலும் அதே இடத்தில், அதே அளவு பின்வாங்க வேண்டும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கம்ப்பிங், அதாவது பல டேக்குகளின் நல்ல பகுதிகளைத் தேர்ந்து ஒரே பாட்டாக ஒட்டுவது பற்றி அரை நிமிடம். டேக்குகளை ஒரே நாளில், ஒரே உட்காரலில் எடுங்கள். சொல் சொல்லாக வெட்டாமல், வரி வரியாகத் தேர்ந்தெடுங்கள். நெடில் இழுக்கும் இடத்தில் வெட்டாதீர்கள், மூச்சுக்குச் சற்று முன்னால் வெட்டி, அந்த மூச்சை அடுத்த வரியோடு சேர்த்து வையுங்கள். ஒட்டில் ஒரு டேக் மங்க மங்க அடுத்தது எழும்படி, 10 மில்லிசெகண்ட் அளவுக்குக் கிராஸ்ஃபேட் கொடுத்தால் 'டிக்' சத்தம் வராது. பிறகு ஹெட்போனில் கேளுங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூச்சு கேட்டால், ஒன்றை எடுத்துவிடுங்கள். வணக்கம்.