புளியமரத்துக்கு ஏது காலண்டர்?

(பாகூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்குப் பாடப்போகும் பாட்டில் பேசுவது நம் எல்லையோரத்துப் புளியமரம். முதலில் எழுதியதைத் தெருவில் ஒரு பெரியம்மாவிடம் பாடிக் காட்டினேன். "1954-லே பிரெஞ்சுக்காரன் போனானே" என்று மரம் ஆரம்பிக்கும். பெரியம்மா வெற்றிலையை மென்றபடி, "ஏன் தம்பி, புளியமரத்துக்கு ஏது காலண்டர்?" என்றார். பாட்டு அங்கேயே விழுந்துவிட்டது.

நகர முடியாத ஒன்றுக்கு என்ன தெரியும்? அடியில் வந்து நின்றது, வேரில் பட்டது, இலையில் பட்டது. அவ்வளவுதான். அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியதை அதற்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் தெற்கே கடலூர்ப் பக்கம், வடக்கே புதுச்சேரிப் பக்கம் என்று மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொன்ன ஆட்களை அது பார்த்திருக்கும். அதனால் இப்படி மாற்றினேன்:

வடக்கே போன வேருக்கு – சிவப்புத்
தொப்பி ஒன்று காவல்
தெற்கே போன வேருக்கு – காக்கிச்
சட்டை ஒன்று காவல்
வேருக்கு என்ன தெரியும் – ரெண்டு
பக்கமும் ஒரே தண்ணி

இது சிந்து நடை. மூன்று சீர், ஒரு தனிச்சொல், மறுபடி மூன்று சீர். அந்தத் தனிச்சொல்லில்தான் பாடுகிறவர் மூச்சு வாங்குவார், கூட்டம் கை தட்டும். ஆகவே ஊரில் எது மாறியதோ அதை அந்த இடத்தில் வைத்தேன். சிவப்பு, காக்கி என்று வந்த இடத்தில் அடுத்த சரணத்தில் பிராந்திக் கடை வருகிறது. சுங்கம் போன பிறகும் எல்லை எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கடைதானே காட்டுகிறது! (சிரிப்பு)

என்னை அதிகம் படுத்தியது தானே புயல் சரணம். 2011 டிசம்பர் 30 விடிகாலை. மரத்துக்குப் புயலின் பெயர் தெரியாது, முறிந்த பலாவையும் முந்திரியையும் எண்ணவும் தெரியாது. பேரிரைச்சல், பேய்க்காற்று என்று நாலைந்து தடவை எழுதிக் கிழித்தேன். அது எந்த மரமும் பாடக்கூடிய வரி. புளிக்கென்று ஒரு பழக்கம் உண்டு. பொழுது சாய்ந்தால் இலையை மடக்கும், விடிந்தால் விரிக்கும். அதைப் பிடித்துக்கொண்டேன். ராத்திரி மடக்கிய இலையை விடிந்ததும் விரிக்கப் பார்க்கிறது; விரிக்க இலை இல்லை. அந்தச் சரணம் அதோடு சரி.

கடைசிச் சரணம் சாலை அகலப்படுத்துவது. வெட்டப்போகிற மரங்களுக்குப் பட்டையில் பெயின்ட்டால் எண் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். மரத்துக்கு எண் படிக்க வராது. ஈரப் பிரஷ் பட்டதும், ஆடி மாதம் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்களே, அதுதான் மறுபடி வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறது. இந்த ஒரு இடத்தில் மட்டும் தனிச்சொல்லை எடுத்துவிட்டேன். உங்கள் கை தட்டப் போகும், சொல் இருக்காது.

உடுக்கைக்காரர் தயாரா? சரி, பாடிவிடலாம்.